வீட்டுக்குள் சொட்டும் ஏசி: கேஸ் நிரப்பும் முன் இரண்டு கேள்விகள்

ஸ்பிலிட் ஏசியின் இன்டோர் யூனிட்டிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கினால் பெரும்பாலான வீடுகளில் அடியில் ஒரு வாளியை வைத்துவிட்டு மெக்கானிக்குக்கு போன் போடுவார்கள். வருகிறவர்களில் சிலர் மூடியைத் திறந்துகூடப் பார்க்காமல், "கேஸ் இறங்கியிருக்கு, ஃபில் பண்ணணும்" என்று சொல்லிவிடுவதுண்டு. சில ஆயிரம் ரூபாய் செலவழித்து கேஸ் நிரப்பிய பிறகும், அடுத்த வாரமே அதே மூலையில் அதே சொட்டு விழும். காரணம் எளிது. தண்ணீர் சொட்டியது கேஸினாலேயே அல்ல.

இந்தக் கோளாறுக்கு மிக வழக்கமான காரணங்கள் இரண்டு. ஒன்று, டிரெய்ன் பைப்பில் அடைப்பு. மற்றொன்று, தூசி அடைந்த ஃபில்டர். எது என்பதை வீட்டில் இருப்பவரே கண்டுபிடித்துவிடலாம். அதற்கு இரண்டு கேள்விகள் போதும்: அறை வழக்கம்போல் குளிர்கிறதா? ஏசி ஓடும்போது வெளியே டிரெய்ன் பைப்பின் முனையில் தண்ணீர் வருகிறதா?

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

ஏசிக்குள் யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. அது முழுக்க நம் அறைக் காற்றில் இருந்த ஈரம். 28 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள ஓர் இரவில், 12 அடிக்கு 12 அடி அகலமும் 10 அடி உயரமும் உள்ள படுக்கையறையின் காற்றில் மட்டும் ஏறக்குறைய முக்கால் லிட்டர் தண்ணீர் ஆவியாகக் கலந்திருக்கிறது. நம் மூச்சிலிருந்தும் கதவிடுக்கு வழியாகவும் மேலும் ஈரம் வந்துகொண்டே இருக்கும்.

அந்தக் காற்று சுமார் 22 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் ஈரம் நீராகப் படியத் தொடங்கிவிடும். இன்டோர் யூனிட்டுக்குள் இருக்கும் கூலிங் காயில், அதாவது தாமிரக் குழாய்களும் அவற்றைச் சுற்றி நெருக்கமாக அடுக்கிய அலுமினியத் தகடுகளும் சேர்ந்த பகுதி, 10 டிகிரியை ஒட்டியே இருக்கும். ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பு வெளிப்புறம் வியர்ப்பதுபோல இந்தக் காயிலும் ஓடும் நேரமெல்லாம் வியர்க்கிறது. சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஒன்றரை டன் ஏசி ஒன்று, காற்றில் ஈரம் மிகுந்த நாளில் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலும் தண்ணீரைப் பிரித்தெடுக்கும். இரவு முழுக்க ஓடினால் அரை வாளி எளிதாகச் சேர்ந்துவிடும்.

இது இயந்திரத்தின் பக்கவிளைவுகூட அல்ல. 1902இல் அமெரிக்கப் பொறியாளர் வில்லிஸ் கேரியர் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இருந்த ஓர் அச்சகத்துக்காகத் தன் முதல் கருவியை வடிவமைத்தது, காற்றிலிருந்து ஈரத்தை எடுப்பதற்காகத்தான். ஈரத்தில் காகிதம் விரிந்து சுருங்கியதால் வண்ண அச்சு இடம் மாறி விழுந்துகொண்டிருந்தது. அதற்குத் தீர்வு தேடியபோது பிறந்தது இந்தத் தொழில்நுட்பம். ஆகவே ஏசியில் தண்ணீர் உண்டாவது கோளாறு அல்ல. அது போக வேண்டிய வழியில் போகாததுதான் கோளாறு.

அந்த வழி இப்படி அமைந்திருக்கிறது. காயிலில் படியும் நீர் தகடுகளின் வழியே வழிந்து, அதன் அடியில் உள்ள டிரெய்ன் டிரேயில் விழும். ஆழமே இல்லாத, குறுகலான, நீளமான பிளாஸ்டிக் தட்டு அது. அதன் ஒரு மூலையில் விரல் பருமனுள்ள பைப் பொருத்தியிருக்கும். தாமிரக் குழாய்களோடு சேர்த்து டேப் சுற்றி, சுவரில் போட்ட துளை வழியாக அந்தப் பைப்பை வெளியே கொண்டுபோவார்கள். இதில் மோட்டார் கிடையாது, பம்ப் கிடையாது. தண்ணீர் தன் எடையால் தானாகவே இறங்கிப் போக வேண்டும். எந்த இடத்திலும் தடை இருக்கக் கூடாது, பைப் மேல் நோக்கி ஏறவும் கூடாது. ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு சென்டிமீட்டராவது இறக்கம் இருந்தால்தான் ஒழுங்காக வடியும்.

குளிர் குறையவில்லை, தண்ணீர் மட்டும் சொட்டுகிறது

முதல் கேள்விக்கு "நன்றாகக் குளிர்கிறது" என்பதும், இரண்டாவதற்கு "வெளியே தண்ணீர் வரவில்லை" அல்லது "மிகக் குறைவாக வருகிறது" என்பதும் பதிலாக இருந்தால், சந்தேகமே வேண்டாம். டிரெய்ன் பைப்பில் அடைப்பு.

இதற்கு நேரமும் ஒரு சாட்சி. ஏசியைப் போட்டவுடனே சொட்டாது. டிரே நிறைய வேண்டும் அல்லவா? அரை மணி, முக்கால் மணி கழித்துத்தான் விளிம்பைத் தாண்டி வழியத் தொடங்கும். பிறகு ஓடும் நேரமெல்லாம் ஒரே சீராகச் சொட்டும். நிறுத்தினால் சற்று நேரத்தில் நின்றுவிடும். யூனிட் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்க மூலையில்தான் பெரும்பாலும் விழும்.

பைப்பை அடைப்பது எது? பெரும்பாலும் வழுவழுப்பான, பழுப்பு நிறச் சேறு. ஃபில்டரைத் தாண்டி உள்ளே போகும் நுண்தூசி ஈரக் காயிலில் ஒட்டி, நீரோடு டிரேக்கு இறங்குகிறது. வெளிச்சமில்லாத, எப்போதும் ஈரமான அந்த இடத்தில் பாக்டீரியாவும் பூஞ்சையும் அதோடு சேர்ந்து வளர்ந்து கூழாகிவிடும். இது கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து பைப்பின் வளைவில் போய் அடைத்துக்கொள்கிறது. ஏசியைப் பல மாதம் நிறுத்திவைத்திருந்தால் இதே கூழ் காய்ந்து கெட்டிப்படும். கோடை தொடங்கி முதன்முதலாக ஏசியைப் போடும் நாளில் பல வீடுகளில் தண்ணீர் சொட்டுவதற்கு இது ஒரு காரணம்.

நம் ஊரில் அடைப்புக்கு வேறு சில காரணங்களும் உண்டு. வெளியே தொங்கும் பைப் முனையில் குளவி மண்கூடு கட்டிவிடும். பல்லியோ எறும்போ உள்ளே புகுந்துவிடும். இவற்றைவிட அதிகம் நடப்பது, நாமே செய்துகொள்வது. தண்ணீரைச் சேர்த்துவைக்க வெளியே ஒரு வாளியையோ கேனையோ வைத்து, பைப்பை அதன் அடிவரை இறக்கிவிடுகிறோம். வாளியில் நீர் ஏறியதும் பைப்பின் முனை மூழ்கிவிடும். உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல் சிக்கிக்கொள்ள, மேலிருந்து வரும் மெல்லிய நீரோட்டத்துக்கு அதைத் தள்ளும் வலு இருக்காது. பைப்பில் ஒரு துளி அழுக்கு இல்லாமலேயே அறைக்குள் தண்ணீர் சொட்டும். தண்ணீரைச் சேர்ப்பதில் தவறில்லை. வீடு துடைக்கவும் செடிக்கு ஊற்றவும் பயன்படும், குடிக்க மட்டும் கூடாது. ஆனால் பைப் முனை எப்போதும் நீர்மட்டத்துக்கு மேலேயே நிற்க வேண்டும்.

குளிரும் குறைந்தது, தண்ணீரும் கொட்டுகிறது

இரண்டாவது வகையின் அடையாளங்கள் வேறு. அறை முன்போலக் குளிர்வதில்லை. ஏசியின் வாயில் கையை வைத்தால் காற்று மெலிந்து வருகிறது. தண்ணீர் சீராகச் சொட்டாமல் சில நேரம் முகத்தில் தெறிக்கிறது. எல்லாவற்றிலும் முக்கியமாக, ஏசியை நிறுத்திய பிறகுதான் தண்ணீர் அதிகமாகக் கொட்டுகிறது. இந்த அடையாளங்கள் தெரிந்தால் முன் மூடியைத் திறந்து காயிலைப் பாருங்கள். வெள்ளையாக ஐஸ் படிந்திருக்கும்.

குளிரூட்டும் இயந்திரத்தில் காற்று குறைந்தால் ஐஸ் ஏன் உண்டாகிறது என்பது பலருக்குப் புதிராக இருக்கும். காயிலுக்குள் ஓடும் கேஸின் வேலை, அறைக் காற்றிலிருந்து வெப்பத்தை வாங்கிக்கொள்வது. ஃபில்டர் தூசியால் மூடிப்போனால் காயிலைக் கடக்கும் காற்று குறைகிறது. காற்று குறைந்தால் வாங்க வெப்பமும் இல்லை. வெப்பம் கிடைக்காத காயில் மேலும் மேலும் குளிர்ந்து 0 டிகிரிக்குக் கீழே போய்விடும். அதில் படியும் ஈரம் வழிந்து ஓடாமல் அங்கேயே உறைகிறது. உறைந்த ஐஸ் தகடுகளின் இடுக்கை அடைத்து, மிச்சமிருந்த காற்றையும் தடுக்கிறது. ஐஸ் மேலும் வளர்கிறது.

ஏசியை நிறுத்தியதும் அத்தனை ஐஸும் சேர்ந்து உருகும். அதில் ஒரு பகுதி டிரேக்கு வெளியே வளர்ந்திருக்கும் என்பதால் அந்த நீர் டிரேயில் விழாமல் நேராக உங்கள் கட்டிலில் விழும். டிரெய்ன் பைப் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இதைத் தடுக்க முடியாது.

காயில் உறையும் நிலைக்கு வந்தால் கம்ப்ரசரை நிறுத்தும் சென்சார் பல ஏசிகளில் உண்டு. அது இருந்தும் ஐஸ் கட்டுவது நின்றபாடில்லை. சென்சார் இடம் நழுவியிருக்கலாம், பழுதாகியிருக்கலாம். ரிமோட்டில் 16, 18 என்று வைத்துவிட்டுத் தூங்குவதும் இதற்குத் துணைபோகும். அடைத்த ஃபில்டரோடு அந்த வெப்பநிலையை அறை எட்டவே எட்டாது. கம்ப்ரசர் இடைவிடாமல் ஓடும், ஐஸ் உருக நேரமே கிடைக்காது. இந்தியாவில் 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியீடு பெறும் அறை ஏசிகள் 24 டிகிரியைத் தொடக்க வெப்பநிலையாகக் கொண்டே வருகின்றன. அது மின்சாரத்தை மிச்சப்படுத்தச் செய்த ஏற்பாடு. காயிலுக்கும் அதில் நன்மை உண்டு.

இரண்டு காரணங்களையும் தனித்தனியாகச் சொன்னாலும் வேர் ஒன்றுதான். ஃபில்டரைக் கழுவாமல் விட்டால் தூசி காயிலுக்குப் போகிறது. காயிலிலிருந்து டிரேக்கு, டிரேயிலிருந்து பைப்புக்கு. ஆகவே இன்று பைப் அடைத்திருக்கிறது என்றால் பல மாதங்களாக ஃபில்டரைக் கவனிக்கவில்லை என்று பொருள் கொள்ளலாம்.

ஒரு வீட்டில் செய்து பார்ப்போம்

சென்னையில் ஓர் அடுக்ககத்தின் இரண்டாம் மாடி, ஐப்பசி மாத மழைக்காலம் என்று வைத்துக்கொள்வோம். படுக்கையறையில் ஒன்றரை டன் ஏசி. இரவு பத்து மணிக்குப் போட்டால் பதினொரு மணிக்கு இடது மூலையில் சொட்டத் தொடங்குகிறது. வந்த மெக்கானிக் கேஸ் நிரப்பச் சொல்கிறார்.

"கேஸ் கம்மியா இருக்கும் மேடம், ஃபில் பண்ணிட்டா சரியாயிடும்."

"கூலிங் எல்லாம் நல்லாத்தான் இருக்குப்பா. தண்ணி மட்டும்தான் சொட்டுது."

வீட்டுக்காரம்மா சொன்ன அந்தப் பதிலிலேயே பாதி விடை இருக்கிறது. குளிர் குறையாத இடத்தில் கேஸைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. மீதி விடை பால்கனியில் இருக்கிறது. டிரெய்ன் பைப் ஒரு காலி பெயின்ட் வாளிக்குள் இறங்கியிருக்கிறது. வாளி பாதி நிறைந்து, பைப்பின் முனை நீரில் மூழ்கிக் கிடக்கிறது.

இனி செய்ய வேண்டியதை வரிசையாகப் பார்க்கலாம். முதலில் ஏசிக்கான எம்சிபியை அணைக்க வேண்டும். ரிமோட்டில் நிறுத்தினால் போதாது. இன்டோர் யூனிட்டின் ஒரு பக்கத்தில் மின்சுற்றுப் பலகை இருக்கிறது. அதைவிட ஆபத்து, பல வீடுகளில் ஏசிக்கு நேர் கீழே சுவரில் மாட்டியிருக்கும் ஸ்டெபிலைசர். சொட்டும் தண்ணீர் அதன்மேல் விழுகிறதா என்று முதலில் பாருங்கள். விழுந்திருந்தால் எதையும் தொடாமல் எலெக்ட்ரீஷியனை அழைப்பதே சரி.

அடுத்து, பைப்பை வாளியிலிருந்து தூக்கிவிட வேண்டும். இந்த வீட்டில் தூக்கியதும் குபுகுபுவென்று கொஞ்சம் தண்ணீர் வந்து, பிறகு நின்றுவிட்டது. அப்படியென்றால் காற்றுச் சிக்கல் மட்டுமல்ல, உள்ளேயும் அடைப்பு இருக்கிறது. அதை உறுதிசெய்யச் சோதனை ஒன்று உண்டு. உறுதியான ஏணியில் ஏறி, முன் மூடியைத் திறந்து, ஃபில்டர்களை உருவிவிட்டு, காயிலின் முன்பக்கக் கீழ்ப்பகுதியில் அரை டம்ளர் தண்ணீரை மெதுவாக வழியவிடுங்கள். மின்சுற்றுப் பலகை இருக்கும் பக்கம் ஒரு சொட்டும் போகக் கூடாது. வெளியே ஒருவர் பைப் முனையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். சில நொடிகளில் அங்கே தண்ணீர் வந்தால் வழி திறந்திருக்கிறது. வரவில்லை என்றால் அடைப்பு உறுதி.

அடைப்பை எடுக்கச் சிறந்த வழி, வெளி முனையிலிருந்து உறிஞ்சுவது. தண்ணீரையும் உறிஞ்சக்கூடிய வாக்குவம் கிளீனர் இருந்தால், அதன் குழாயைப் பைப் முனையில் வைத்து, காற்று கசியாமல் ஈரத் துணியால் சுற்றிப் பிடித்து, ஒரு நிமிடம் ஓட்டினால் போதும். உலர்ந்த தூசிக்கு மட்டுமான கிளீனரை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. இந்த வீட்டில் பழுப்புக் கூழ் ஒரு கைப்பிடி அளவுக்கு வந்து விழுந்தது. பிறகு மறுபடியும் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றியபோது வெளியே தங்குதடையின்றி ஓடியது.

வாயை வைத்து ஊதுவதும், வெளியிலிருந்து அழுத்தமாகத் தண்ணீர் அடிப்பதும் கூடாது. அடைப்பு மறுபடி டிரேக்கே திரும்பிப் போகும், சில சமயம் அறைச் சுவரெல்லாம் தெறிக்கும். கம்பி விட்டுக் குத்துவதும் வேண்டாம். மடிப்புகள் கொண்ட மெல்லிய பைப் சுவருக்குள் எங்காவது கிழிந்துவிட்டால் தண்ணீர் சுவரில் ஊறும். அந்தச் செலவு ஏசி சர்வீஸைவிடப் பெரிது. பிளீச்சிங் பவுடர், ஆசிட் போன்றவை காயிலின் அலுமினியத் தகடுகளை அரித்துவிடும். வெறும் தண்ணீரே போதும்.

கடைசி வேலை ஃபில்டர். இந்த வீட்டில் வலையின் கண்ணே தெரியாத அளவுக்குத் தூசி. அதைக் குழாயடியில் பின்பக்கமாகப் பிடித்து, அதாவது தூசி படியாத பக்கத்திலிருந்து தண்ணீர் விழும்படி கழுவ வேண்டும். முன்பக்கமாகக் கழுவினால் தூசி கண்களுக்குள் இன்னும் இறுகும். வெந்நீரும் முரட்டு பிரஷும் வலையின் உருவத்தைக் கெடுத்துவிடும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பாத்திரம் தேய்க்கும் சோப்பு நீரில் சற்று ஊறவைக்கலாம். பிறகு நிழலில் நன்றாகக் காயவைத்து மாட்ட வேண்டும். ஈரத்தோடு மாட்டினால் பூஞ்சை வாடை வரும்.

ஐஸ் கட்டியிருக்கும் வீட்டில் ஒரே ஒரு மாற்றம். முதலில் ஏசியை நிறுத்தி, அடியில் பாத்திரம் வைத்து, ஐஸ் தானாக உருகும்வரை இரண்டு மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும். கத்தியாலோ ஸ்க்ரூடிரைவராலோ சுரண்டினால் தாமிரக் குழாயில் ஓட்டை விழுந்து, இல்லாத கேஸ் பிரச்சினை அன்றைக்குத்தான் பிறக்கும். உருகிய பிறகு ஃபில்டரைக் கழுவி மாட்டி, 24 டிகிரியில் ஓட்டிப் பாருங்கள்.

எப்போது மெக்கானிக் வேண்டும்?

சுத்தமான ஃபில்டரோடும் மறுபடி ஐஸ் கட்டினால் அது உங்கள் கையில் இல்லை. காயிலோ பிளோயரோ உள்ளே அழுக்கேறியிருக்கலாம். அல்லது இப்போது உண்மையிலேயே கேஸ் குறைந்திருக்கலாம். கேஸ் குறைந்தாலும் காயிலின் ஒரு பகுதி அளவுக்கு மீறிக் குளிர்ந்து உறையும். மெக்கானிக் சொல்வதில் இருக்கும் உண்மை அந்த அளவுதான். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். கேஸ் மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி ஓடுவது. ஓட ஓடத் தீர்ந்துபோகும் எரிபொருள் அல்ல. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் நிரப்பினால் அந்தப் பணமும் சேர்ந்தே கசியும். எங்கே கசிகிறது என்று காட்டச் சொல்லிக் கேளுங்கள். எந்த கேஸ், எத்தனை கிராம் என்பது அவுட்டோர் யூனிட்டில் ஒட்டியிருக்கும் விவரப் பட்டையிலேயே அச்சிட்டிருக்கும். எடை போட்டுத்தான் நிரப்ப வேண்டும்.

தண்ணீர் யூனிட்டின் முன்பக்கம் விழாமல் பின்சுவரில் வழிந்தாலும் ஆள் தேவை. காயிலின் பின்பகுதி நீர் இறங்கும் வழி அடைத்திருக்கலாம், பைப் டிரேயிலிருந்து கழன்றிருக்கலாம், அல்லது குழாய்களின் மேல் சுற்றிய ஃபோம் கிழிந்து குழாயே வியர்க்கலாம். புதிதாக மாட்டிய ஏசி முதல் நாளிலிருந்தே சொட்டினால், யூனிட் பைப் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறதா, பைப் வழியில் எங்காவது மேலேறுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பொருத்தியவர் திருத்தித்தர வேண்டிய வேலை அது.

சர்வீஸுக்கு ஆள் வரும்போது ஃபில்டரைத் தட்டித் துடைத்துவிட்டுப் போவதை சர்வீஸ் என்று ஏற்காதீர்கள். காயிலையும் பிளோயரையும் டிரேயையும் ஜெட் பம்பால் கழுவ வேண்டும், டிரெய்ன் பைப்பில் தண்ணீர் ஊற்றி வெளியே வருவதைக் காட்ட வேண்டும். பணம் கொடுக்கும் முன் வெளியே போய் அந்தப் பைப் முனையை ஒருமுறை நீங்களே பாருங்கள். ஏசி நாள்தோறும் ஓடும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழுவுங்கள்; சாலையோர வீடு என்றால் வாரம் ஒருமுறை. பத்து நிமிட வேலை அது. அதைத் தவறாமல் செய்யும் வீட்டில் டிரெய்ன் பைப் அடைப்பதும் அரிது, காயில் உறைவதும் அரிது.